டயர் காற்றை எப்போது பார்ப்பது? காலையிலும் மதியத்திலும் அளவு ஏன் மாறுகிறது?

காலையில் வீட்டு வாசலில் அளந்தால் 30 பிஎஸ்ஐ. அதே டயரை மதியம் பெட்ரோல் பங்க்கில் அளந்தால் 33. நடுவில் யாரும் காற்றடிக்கவில்லை. கேஜ் கெட்டுவிட்டதோ என்று சந்தேகப்பட வேண்டாம், இரண்டு அளவுமே சரிதான்.

டயருக்குள் அடைபட்ட காற்று சூடானால் விரியப் பார்க்கும், ஆனால் அதற்கு இடமில்லை. அதனால் அழுத்தம் ஏறுகிறது. கார் டயரில் சுமார் 6 டிகிரி செல்சியஸ் சூடு கூடினால் 1 பிஎஸ்ஐ கூடும். வேலூர் மாதிரி ஊரில் மே மாதம் காலை 27 டிகிரி, மதியம் 40 டிகிரி என்றால், வண்டி நின்ற இடத்திலேயே 2 பிஎஸ்ஐ ஏறிவிடும். ஓட ஆரம்பித்தால் டயர் நசுங்கி நிமிர்ந்து தானே சூடாகும், அந்த ஏற்றம் தனி.

1. சரியான அளவைத் தெரிந்துகொள்ளுங்கள். பெரும்பாலான கார்களில் ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்தால் தூணில் ஒரு ஸ்டிக்கர் இருக்கும். அதில் உள்ளது ஆறிய டயருக்கான அளவு. டயரின் பக்கவாட்டில் அச்சிட்டிருப்பது உச்ச வரம்பு, அதைப் பார்த்துக் காற்றடிக்கக் கூடாது.

2. காலையில் வண்டியை எடுக்கும் முன் அளந்துவிடுங்கள். குறைந்தது 3 மணி நேரம் நின்ற வண்டியாக இருக்க வேண்டும், டயரில் வெயிலும் பட்டிருக்கக் கூடாது. ஒரு பக்கம் மட்டும் வெயில் அடித்தால் அந்தப் பக்கத்து டயர்கள் கூடுதலாகக் காட்டும். கேஜை வால்வில் நேராக அழுத்துங்கள். ‘உஸ்’ என்று காற்று கசியும் சத்தம் நின்ற பிறகு வரும் எண்தான் கணக்கு.

3. குறைவைக் குறித்துக்கொண்டு பங்க்குக்குப் போங்கள். ஸ்டிக்கரில் 33, காலையில் 30 என்றால் குறைவு 3. பங்க் போய்ச் சேர்வதற்குள் டயர் சூடாகி 33 காட்டலாம். ‘சரியாத்தானே இருக்கு’ என்று திரும்பிவிடாதீர்கள். அங்கே காட்டும் அளவோடு 3 சேர்த்து 36 வைக்கச் சொல்லுங்கள். மறுநாள் காலை அளந்தால் 33-ஐ ஒட்டி நிற்கும்.

இதில் பலரும் தவறுவது சூடான டயரில்தான். நெடுஞ்சாலையில் ஓடி வந்த டயர் 38 காட்டினால், அதிகம் என்று நினைத்துக் காற்றை இறக்குகிறார்கள். பங்க்கில் உள்ள டிஜிட்டல் மெஷினில் 33 என்று அமைத்தால் அதுவே கூடுதல் காற்றை வெளியேற்றிவிடும். அந்த டயர் காலையில் ஆறியதும் 29-க்கு வந்து நிற்கும். காற்று குறைந்த டயர் அதிகம் நசுங்கும், அதனால் இன்னும் அதிகமாகச் சூடேறும். கோடை வெயிலில் வேகமாகப் போகும்போது டயர் வெடிக்க இது ஒரு முக்கியக் காரணம். சூடாக இருக்கும்போது இறக்கவே இறக்காதீர்கள்.

அப்புறம், வெப்பநிலை மாறினால் நான்கு டயரும் ஏறக்குறைய ஒன்றாகத்தான் ஏறி இறங்கும். ஒன்று மட்டும் ஒவ்வொரு முறையும் குறைந்துகொண்டே வந்தால் அது வெயில் வேலை இல்லை. வால்வில் சோப்புத் தண்ணீர் விட்டுப் பாருங்கள். குமிழி வந்தால் வால்வை மாற்ற வேண்டும், வராவிட்டால் பஞ்சர் கடைக்குக் கொண்டுபோங்கள்.