பற்களைக் கொண்டு உடலை அடையாளம் காண்பது: தவிர்க்க வேண்டிய தவறுகள்

அடையாளம் தெரியாத உடலின் பற்களும், காணாமல்போனவரின் பழைய பல் மருத்துவப் பதிவும் அச்சு அசலாகப் பொருந்துவது அரிது. பதிவு எழுதிய பிறகும் அவர் சிகிச்சை பெற்றிருக்கலாம். அதனால் வேறுபாடு கண்டதும் ‘இவர் இல்லை’ என்று ஒதுக்குவதுதான் முதல் தவறு. அந்த மாற்றம் காலப்போக்கில் நடந்திருக்க முடியுமா என்று பார்க்க வேண்டும். பதிவில் சிறிய ஃபில்லிங் இருந்த பல்லில் இப்போது வேர் சிகிச்சையும் கிரவுனும் இருந்தால் முரண் இல்லை. பிடுங்கிய நிரந்தரப் பல் மீண்டும் முளைக்காது. அது உடலில் இருந்தால் ஆள் வேறு.

அங்கும் அவசரம் கூடாது. ஒரு பதிவில், கீழ்த்தாடையின் வலப்பக்க முதல் கடைவாய்ப்பல், அதாவது பன்னாட்டுப் பல் எண் முறையில் 46, பிடுங்கப்பட்டதாக இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். உடலிலோ அந்த இடத்தில் ஒரு பல் நிற்கிறது. இளவயதில் 46-ஐ இழந்தவருக்கு, பின்னாலிருக்கும் 47 முன்னோக்கி நகர்ந்து இடைவெளியை மூடிவிடக்கூடும். வலப்பக்கம் இரண்டு கடைவாய்ப்பற்கள், இடப்பக்கம் மூன்று என்றால் சந்தேகப்பட வேண்டும். எக்ஸ்ரேயில் அந்தப் பல் முன்பக்கம் சாய்ந்தும், வேர்கள் நெருங்கியும் இருந்தால் அது 47 ஆக இருக்கலாம். பழைய எக்ஸ்ரேயில் உள்ள 47-இன் வேர் வடிவத்தோடு ஒப்பிட்டுத்தான் முடிவு சொல்ல வேண்டும்.

எந்த எண் முறையில் பதிவு எழுதப்பட்டது என்பதைப் பாராமல் ஒப்பிடுவதும் ஆபத்து. பன்னாட்டு ஈரிலக்க முறையில் 14 என்பது மேல் வலப்பக்க முதல் முன்கடைவாய்ப்பல். அமெரிக்காவில் வழங்கும் 1 முதல் 32 வரையிலான முறையில் அதே 14, மேல் இடப்பக்க முதல் கடைவாய்ப்பல். எக்ஸ்ரே படத்தைத் திருப்பி வைத்தாலும் இப்படியே இடம் வலமாகிவிடும்.

இல்லாத பல்லையெல்லாம் ‘இல்லை’ என்று ஒரே சொல்லில் குறிப்பதை நான் கடுமையாகவே எதிர்ப்பேன். முன்பற்களுக்குப் பெரும்பாலும் கூம்பு வடிவ ஒற்றை வேர்தான். திசுக்கள் அழுகியதும் அவை கழன்று விழுந்துவிடும். பற்குழி வெறுமையாக, விளிம்பு கூராக இருந்தால் பல் இறப்புக்குப் பின் விழுந்திருக்கலாம். உடல் கிடந்த இடத்தில் தேட வேண்டும். குழிக்குள் எலும்பு வளர்ந்து மூடியிருந்தால், இறப்பதற்குப் பல மாதங்கள் முன்பே அந்தப் பல் போய்விட்டது. இறப்புக்கு நெருக்கத்தில் பிடுங்கப்பட்ட பல்லின் குழியும் ஆறாமல் திறந்தே இருக்கும் என்பதையும் மறக்கக் கூடாது.

எத்தனை பற்கள் பொருந்தின என்று எண்ணி முடிவெடுப்பதும் தவறே. அதற்கென்று குறைந்தபட்ச எண்ணிக்கை கிடையாது. ஒரே பல்லின் இரண்டு எக்ஸ்ரேக்களில் ஃபில்லிங்கின் ஓரக்கோடும் வேரின் வளைவும் ஒன்றுபோல் இருந்தால், முரண் ஏதும் இல்லாத நிலையில், அதுவே உறுதியான அடையாளமாகலாம். எக்ஸ்ரே இல்லாமல் வெறும் எழுத்துக் குறிப்பில் பல கடைவாய்ப்பற்களின் சாதாரண ஃபில்லிங்குகள் ஒத்துப்போனாலும், பெரும்பாலும் ‘இவராக இருக்கலாம்’ என்று மட்டுமே எழுத முடியும்.