ஒரு அடைப்புக்குறி செய்த வேலை

200e^(0.04t) = 500 என்ற சமன்பாட்டில் t கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. `ln` அழுத்தியதும் என் கால்குலேட்டர் `ln(` என்று தானே திறந்துகொண்டது. நான் மூடாமலே தட்டினேன்:

```
ln(500÷200÷0.04
```

விடை 4.135. அதை t-க்குப் போட்டுப் பார்த்தால் 500 வரவில்லை, சுமார் 236தான் வந்தது. 0.04-ஆல் வகுத்ததும் மடக்கைக்குள்ளேயே போய்விட்டிருந்தது. `Math ERROR` வந்திருந்தால் உடனே விழித்திருப்பேன். ஆனால் `ln`-க்குள் பூஜ்யமோ எதிர்ம எண்ணோ போனால்தான் அது வரும். இங்கே போனது 62.5, அதற்கு என்ன கேடு!

சரி, இப்படித் திருத்தினேன்:

```
ln(500÷200)÷0.04
```

22.907 வந்தது. அப்புறம் இன்னொன்று: ln 2.5-ஐ முதலிலேயே 0.92 என்று சுருக்கினால் விடை 23 ஆகிவிடும். அதனால் இடையில் `Ans`-ஐ அப்படியே வைத்துக்கொண்டு, கடைசியில் மட்டும் 22.9 என்று எழுதுகிறேன்.