பல பேர் எழுதும் அறிக்கை: Replace All செய்யும் சேதம்

குமரி மாவட்டத்துக் குளங்களைப் பற்றி ஐந்து பேர் சேர்ந்து நூறு பக்க அறிக்கை எழுதுவதாக வைத்துக்கொள்வோம். உள்ளூர்க்காரர் "குளம்" என்று எழுதுவார். வடமாவட்டத்திலிருந்து வந்தவர் "ஏரி" என்பார். இன்னொருவர் "நீர்த்தேக்கம்" என்று போட்டிருப்பார். பேச்சிப்பாறை நிஜமாகவே நீர்த்தேக்கம் என்பதால், மொத்த எண்ணிக்கையிலும் குழப்பம் வரும்.

இதைக் கடைசி நாளில் Replace All அழுத்திச் சரிசெய்யலாம் என்று நினைப்பதுதான் பெரிய தவறு. "ஏரி"யை "குளம்" ஆக்கினால் "ஏரியில்" என்பது "குளம்யில்" ஆகிவிடும், "இந்த ஏரியா" என்பது "இந்த குளம்யா" ஆகிவிடும். மகரத்தில் முடியும் சொல் வேற்றுமை ஏற்கும்போது அத்துச் சாரியை பெறும் என்பது மென்பொருளுக்குத் தெரியாது. ஆகவே நீண்ட வடிவங்களை முதலில் மாற்றுங்கள்: "ஏரிகளில்" என்பதைக் "குளங்களில்" என்றும், "ஏரியில்" என்பதைக் "குளத்தில்" என்றும். வெறும் "ஏரி"யைக் கடைசியில், ஒவ்வொன்றாகப் பார்த்து மாற்ற வேண்டும். சரிபார்க்கும்போது "குளம்" என்று தேடினால் "குளத்தில்" சிக்காது. "குள" என்று தேடுங்கள். குளச்சலும் கல்குளமும் கூடவே வரும், அவற்றைத் தாண்டிப் போங்கள். மேற்கோளிலும் பழைய ஆவணப் பெயரிலும் கைவைக்கக் கூடாது.

நாகர்கோவில், நாகர்கோயில் என்ற இரண்டில் ஒன்றை எழுதத் தொடங்கும் முன்பே முடிவு செய்துவிடலாம். கண்ணுக்குத் தெரியாத வேறுபாடு ஒன்றும் உண்டு. "கோ"வின் உயிர்க்குறி ஒருவர் கோப்பில் ஒரே குறியாகவும், இன்னொருவர் கோப்பில் இரட்டைக்கொம்பு, கால் என இரண்டு குறிகளாகவும் பதிவாகியிருக்கலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோல் இருக்கும், ஆனால் சில மென்பொருள்களில் தேடினால் பாதிதான் கிடைக்கும். கோப்புகளைச் சேர்க்கும் முன், ஒவ்வொரு கோப்பின் உரையையும் s என்ற மாறியில் எடுத்துக்கொண்டு பைத்தானில் இதைச் செய்தால் போதும்:

```
import unicodedata
s = unicodedata.normalize("NFC", s)
```

தேதியில் வரும் பிழை இன்னும் மோசம், ஏனென்றால் அது பிழையாகவே தெரியாது. கணினியின் வட்டார அமைப்பு அமெரிக்க முறையில் இருந்தால், 05/06/2023 என்ற ஜூன் 5-ஐ எக்செல் மே 6 ஆக எடுத்துக்கொள்ளும். 25/06/2023-ஐ மட்டும் தேதியாக ஏற்காமல் எழுத்தாக விட்டுவிடும். ஒரே நெடுவரிசையில் சில தேதிகள் இடப்பக்கமும் சில வலப்பக்கமும் ஒட்டி நின்றால் இதுதான் நடந்திருக்கிறது. அங்கேயே திருத்தாதீர்கள்; வட்டார அமைப்பை மாற்றிவிட்டு மூலக் கோப்பைப் புதிதாகத் திறங்கள். அட்டவணையில் 2023-06-05, உரையில் 5 ஜூன் 2023 என்று எல்லோரும் எழுதட்டும்.

திருவிதாங்கூர் காலத்துப் பதிவுகளில் மலையாள நாட்காட்டியின் கொல்லம் ஆண்டு இருக்கும். அதை ஆங்கில ஆண்டாக்க எல்லாவற்றுக்கும் 825 கூட்டுபவர்கள் உண்டு; அது தவறு. கொல்லம் ஆண்டு ஆகஸ்ட் நடுவில், சிங்ஙம் மாதத்தில் பிறப்பதால், அதிலிருந்து டிசம்பர் முடிய 824-ம், ஜனவரிக்குப் பின் 825-ம் கூட்ட வேண்டும். கொல்லம் 1100 சிங்ஙம் என்றால் 1924. அதே ஆண்டு, ஏப்ரல் நடுவில் தொடங்கும் மேடம் மாதம் என்றால் 1925. மாதம் இல்லாத பதிவை 1924-25 என்றே விடுங்கள்.