இன்ஷூரன்ஸ் முதிர்வுத் தொகைக்கு வரி உண்டா? பாலிசியைக் கையில் வைத்துக்கொண்டு நீங்களே கணக்குப் போடுவது எப்படி

"எல்ஐசி பணத்துக்கு வரியே கிடையாது" என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்வது அவர்கள் காலத்துப் பாலிசிக்குச் சரி. 2003 ஏப்ரல் 1-க்கு முன் எடுத்த பாலிசிகளில் பிரீமியம் எவ்வளவு, காப்புத் தொகை எவ்வளவு என்று யாரும் ஒப்பிட்டுப் பார்த்ததில்லை. அதற்குப் பிறகு எடுத்த பாலிசி என்றால் ஒப்பிட்டே ஆக வேண்டும். முக்கியமாக, மொத்தப் பிரீமியத்தையும் ஒரே தவணையில் கட்டிய 'சிங்கிள் பிரீமியம்' பாலிசி வைத்திருப்பவர்கள் இதைப் பொறுமையாகப் படியுங்கள். வரியில் மாட்டுவது பெரும்பாலும் அந்த வகைதான்.

இங்கே சொல்வது எண்டோமென்ட், மணிபேக் போன்ற வழக்கமான பாலிசிகளுக்கு. யூலிப்புக்குக் கணக்கு வேறு, அதை இதோடு சேர்த்துக் குழப்ப வேண்டாம்.

படி 1: பாலிசி எந்தத் தேதியில் வழங்கப்பட்டது?

பாலிசி பத்திரத்தின் முதல் பக்க அட்டவணையில் இந்தத் தேதி இருக்கும். முதிர்வு எப்போது என்பது இங்கே முக்கியம் இல்லை. வழங்கிய தேதிதான் விதியை முடிவு செய்கிறது.

2003 ஏப்ரல் 1 முதல் 2012 மார்ச் 31 வரை வழங்கிய பாலிசியில், எந்த ஒரு வருடத்தின் பிரீமியமும் காப்புத் தொகையில் 20 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. 2012 ஏப்ரல் 1 முதல் அந்த வரம்பு 10 சதவீதம். காப்பீடு செய்யப்பட்டவர் வருமான வரிச் சட்டம் குறிப்பிடும் உடல் ஊனமோ குறிப்பிட்ட கடும் நோயோ உள்ளவராக இருந்து, பாலிசி 2013 ஏப்ரல் 1 அன்றோ அதற்குப் பிறகோ வழங்கப்பட்டிருந்தால் 15 சதவீதம்.

தேதி எவ்வளவு வித்தியாசம் செய்யும் என்று பாருங்கள். காப்புத் தொகை 5 லட்சம், வருடப் பிரீமியம் 60,000 என்றால் அது 12 சதவீதம். பாலிசி 2012 மார்ச் 28-ல் வழங்கப்பட்டிருந்தால் முதிர்வுத் தொகை முழுவதற்கும் வரி விலக்கு. அதே பாலிசி ஏப்ரல் 5-ல் வழங்கப்பட்டிருந்தால் விலக்கு அடியோடு போய்விடும்.

படி 2: சரியான காப்புத் தொகையை எடுங்கள்

புதிதாகக் கணக்குப் போடுபவர்கள் தடுமாறும் இடம் இது. இப்போதைய பாலிசிகளில் இரண்டு தொகைகள் அச்சாகியிருக்கும்: அடிப்படைக் காப்புத் தொகை ஒன்று, இறப்பின் மீதான காப்புத் தொகை இன்னொன்று. 2012 ஏப்ரலுக்குப் பிந்தைய பாலிசிக்குச் சட்டம் கேட்பது, பாலிசி காலத்தில் எந்த நேரத்தில் காப்பீட்டு நிகழ்வு நடந்தாலும் கிடைப்பதாக உறுதியளித்த குறைந்தபட்சத் தொகை. அதாவது, இறப்பின் மீதான காப்புத் தொகை. அது வருடத்துக்கு வருடம் மாறும் பாலிசி என்றால், அவற்றில் மிகக் குறைவானது. போனஸையும், திருப்பித் தருவதாகச் சொன்ன பிரீமியத்தையும் இதில் சேர்க்கக் கூடாது.

அடிப்படைத் தொகை 1,00,000, இறப்பின் மீதான தொகை 1,25,000, வருடப் பிரீமியம் 11,000 என்று வைத்துக்கொள்வோம். அடிப்படைத் தொகையோடு ஒப்பிட்டால் 11 சதவீதம் வரும், வரி விழுமோ என்று பயந்துவிடுவீர்கள். சரியான தொகையோடு ஒப்பிட்டால் 8.8 சதவீதம்தான். பயப்பட ஒன்றுமில்லை.

படி 3: வகுத்துப் பாருங்கள்

```
ஒரு வருடப் பிரீமியம் ÷ காப்புத் தொகை × 100
```

மாதத் தவணை என்றால் 12 மாதத்தையும் கூட்டிக்கொள்ளுங்கள். எல்லா வருடமும் ஒரே பிரீமியம் இல்லாவிட்டால், அதிகமாகக் கட்ட வேண்டிய வருடத்தை எடுங்கள். ஒரே ஒரு வருடம் வரம்பைத் தாண்டினாலும் பாலிசி மொத்தமாக விலக்கை இழக்கும். 10 சதவீதம் வரை விலக்கு, அதற்கு மேல் உள்ளதற்கு மட்டும் வரி என்கிற பங்கு பிரிக்கிற வேலை இங்கே இல்லை. சரியாக 10 என்றால் தப்பித்தீர்கள், 10.4 என்றால் இல்லை.

சிங்கிள் பிரீமியம் மாட்டுவது இப்படித்தான். கட்டிய முழுத் தொகையும் ஒரே வருடத்தின் பிரீமியம். பத்து வருடத்துக்கும் சேர்த்துத்தானே கட்டினேன் என்று பத்தால் வகுக்க முடியாது. இந்த வகையில் காப்புத் தொகை பிரீமியத்தைப் போல 1.25 மடங்கு இருப்பது சகஜம். அப்படியானால் விகிதம் 80 சதவீதம்!

வருடாவருடம் கட்டுகிறவர்களும் ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐஆர்டிஏஐ 2019-ல் கொண்டுவந்த விதிகள், குறைந்தபட்ச இறப்புக் காப்பாக வருடப் பிரீமியத்தின் 7 மடங்கை அனுமதித்தன. 7 மடங்கு என்றால் விகிதம் 14 சதவீதத்துக்கு மேல். ஒழுங்குமுறை ஆணையத்தின் பார்வையில் சரியான பாலிசி, வருமான வரித் துறையின் பார்வையில் விலக்கு இல்லாத பாலிசி! விற்பவர் இதைச் சொல்வார் என்று எதிர்பார்த்துக் கொண்டிருக்காதீர்கள்.

படி 4: 2023 ஏப்ரலுக்குப் பிறகு எடுத்ததா?

2023 ஏப்ரல் 1 முதல் வழங்கிய பாலிசிகளுக்கு இன்னொரு வரம்பும் உண்டு. அத்தகைய பாலிசிகளின் வருடப் பிரீமியங்களைக் கூட்டினால் 5 லட்சத்தைத் தாண்டக் கூடாது. தாண்டினால் 10 சதவீதச் சோதனையில் தேறியிருந்தாலும் போதாது. நம்மில் பலருக்கு இது பொருந்தாது என்பதால் இதோடு விடுகிறேன்.

இறப்பினால் நாமினிக்கு வரும் பணம் இந்தச் சோதனைகள் எதிலும் வராது. விகிதம் 80 சதவீதமாக இருந்தாலும் அதற்கு வரி இல்லை.

படி 5: வரி உண்டு என்றால், எவ்வளவு தொகைக்கு?

வரி, வந்த பணம் முழுவதற்கும் அல்ல. கட்டிய பிரீமியத்தைக் கழித்த பிறகு மிஞ்சுவதற்குத்தான். ஆனால் அதில் ஒரு கொக்கி இருக்கிறது: 80சி-யில் கழிவு கேட்ட பிரீமியத்தை இங்கே மறுபடியும் கழிக்க முடியாது. ஒரே ரூபாய்க்கு இரண்டு முறை சலுகை தர மாட்டார்கள்.

ஒரு கணக்கை முழுதாகப் போட்டுப் பார்ப்போம். 2015 டிசம்பரில் ஒருவர் 2,00,000 ரூபாய் சிங்கிள் பிரீமியம் கட்டினார் (சேவை வரி சேர்க்காமல்). காப்புத் தொகை 2,50,000. விகிதம் 80 சதவீதம், எனவே விலக்கு இல்லை. அந்த வருடம் 80சி-யிலும் இதே 10 சதவீத வரம்பு இருந்ததால் அவர் கேட்கக்கூடிய கழிவு 25,000 மட்டுமே. அதைத்தான் கேட்டார். 2025 டிசம்பரில் போனஸோடு 3,60,000 வந்தது.

நிறுவனம் போடும் கணக்கு: 3,60,000-ல் 2,00,000 போக 1,60,000 வருமானம். அதில் 2 சதவீதம், அதாவது 3,200 ரூபாயை டிடிஎஸ் பிடித்துக்கொண்டு மீதியை வங்கிக் கணக்கில் போட்டுவிடும். 2024 அக்டோபர் 1-க்கு முன் இது 5 சதவீதமாக இருந்தது.

அவர் ரிட்டர்னில் போட வேண்டிய கணக்கு: 2,00,000-ல் 80சி-யில் கேட்ட 25,000 போனால் 1,75,000. ஆகவே வருமானம் 3,60,000 கழித்தல் 1,75,000, அதாவது 1,85,000.

இரண்டுக்கும் 25,000 ரூபாய் வித்தியாசம். நீங்கள் 80சி-யில் என்ன கேட்டீர்கள் என்பது நிறுவனத்துக்குத் தெரியாது. அதனால் டிடிஎஸ் சான்றிதழில் உள்ள எண்ணை அப்படியே ரிட்டர்னில் எழுதினால் வருமானத்தைக் குறைத்துக் காட்டியதாகிவிடும். பிரீமியம் கட்டிய வருடத்தின் ரிட்டர்ன் நகலைத் தேடி எடுப்பதுதான் இந்தப் படியில் பெரிய வேலை. பத்து வருடத்துக்கு முந்தையது என்றாலும், அப்போது இணையத்தில் தாக்கல் செய்திருந்தால் வருமான வரித் தளத்தில் உங்கள் கணக்குக்குள் போய்த் தேடிப் பாருங்கள்.

படி 6: டிடிஎஸ் பிடித்ததோடு வரி முடிந்துவிடாது

ஒரு நிதியாண்டில் வரி விலக்கு இல்லாத பாலிசிகளிலிருந்து நிறுவனம் தரும் தொகை ஒரு லட்சத்துக்குக் குறைவாக இருந்தால் டிடிஎஸ் பிடிக்காது. அதனால் வரியே இல்லை என்று ஆகாது. பிடித்தாலும் பிடிக்காவிட்டாலும் வருமானம் உங்களுடையது, 'பிற ஆதாரங்களிலிருந்து வருமானம்' என்ற தலைப்பில் காட்ட வேண்டும். இன்னொன்று, நிறுவனத்திடம் பான் எண் இல்லையென்றால் 2 சதவீதம் இல்லை, 20 சதவீதம் பிடிப்பார்கள். முதிர்வுக்கு முன்பே பான் பதிவாகியிருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.

மேலே சொன்ன 1,85,000 மற்ற வருமானத்தோடு சேர்ந்து ஸ்லாப்படி வரிக்குப் போகும். அவர் 30 சதவீத ஸ்லாப்பில் இருப்பவர் என்றால் வரி 55,500, அதற்கு 4 சதவீத செஸ் சேர்த்தால் 57,720. பிடித்தது வெறும் 3,200. மீதி 54,520 ரூபாயை அவர்தான் கட்ட வேண்டும். டிடிஎஸ் போகக் கட்ட வேண்டிய வரி 10,000 ரூபாயைத் தொட்டால் முன்வரி கட்டும் பொறுப்பும் வரும். டிசம்பரில் பணம் வந்திருந்தால் மார்ச் 15-க்குள் கட்டிவிடுங்கள், வட்டிச் சுமை குறையும்.

அதே பணம், வருடம் 6 லட்சம் ஓய்வூதியம் தவிர வேறு வருமானம் இல்லாத ஒருவருக்கு வந்தால் கதையே வேறு. 2025-26 நிதியாண்டில் புதிய வரி முறையில் மொத்த வருமானம் 12 லட்சம் வரை தள்ளுபடி இருப்பதால் அவருக்கு வரி ஏதும் இல்லை. பிடித்த 3,200-ம் திரும்ப வரும், ஆனால் ரிட்டர்ன் தாக்கல் செய்தால்தான். பணம் வருவதற்கு முன்பே படிவம் 15ஹெச் (60 வயதுக்குக் கீழே என்றால் 15ஜி) கொடுக்கத் தகுதி இருந்து அதைக் கொடுத்திருந்தால், அந்தப் பிடித்தமும் இருந்திருக்காது.

ரிட்டர்ன் போடும் முன் வருமான வரித் தளத்தில் 26ஏஎஸ், ஏஐஎஸ் என்ற இரண்டு அறிக்கைகளையும் திறந்து, நிறுவனம் பதிந்த தொகையும் பிடித்தமும் உங்களிடம் உள்ள சான்றிதழோடு பொருந்துகிறதா என்று பாருங்கள். அப்புறம் ஒரு தலைகீழ்ச் சிக்கலும் நடக்கலாம்: விகிதம் 8.8 சதவீதம் மட்டுமே உள்ள பாலிசிக்கு, அடிப்படைத் தொகையோடு ஒப்பிட்டதால் டிடிஎஸ் பிடித்திருப்பார்கள். அப்போது முதிர்வுத் தொகையை 10(10டி) பிரிவின் கீழ் விலக்கு பெற்ற வருமானமாகக் காட்டி, பிடித்ததை ரிட்டர்னில் திரும்பக் கேளுங்கள். இறப்பின் மீதான காப்புத் தொகை அச்சான பக்கத்தை ஸ்கேன் செய்து வைத்துக்கொள்ளுங்கள். நோட்டீஸ் வந்தால் காட்ட வேண்டியது அதுதான்.

2026 ஏப்ரல் 1 முதல் வருமான வரிச் சட்டம் 2025 நடைமுறைக்கு வந்திருப்பதால், அதற்குப் பிறகு முதிரும் பாலிசிகளுக்கு 10(10டி), 80சி என்ற பிரிவு எண்கள் மாறியிருக்கும். காப்புத் தொகையோடு ஒப்பிடும் 20, 10 சதவீதக் கணக்கு அப்படியே தொடர்கிறது.