லைசென்ஸ் முடிந்த பிறகு புதுப்பிக்கக் கடைசி நாள் எது? கணக்கிடும் முறை

என் லைசென்ஸ் மே 20-ல் முடிந்தது, சலுகைக் காலம் 30 நாள். ஒரு மாதம்தானே என்று ஜூன் 20-ல் போய் நின்றேன், ஆனால் கடைசி நாள் ஜூன் 19. மே மாதத்துக்கு 31 நாள் என்பதை நான் யோசிக்கவே இல்லை. அந்த ஒரு நாளால் திரும்பவும் ஓட்டிக்காட்ட வேண்டியதாகிவிட்டது.

அதனால் முதலில் விதியில் "நாள்" என்று இருக்கிறதா, "மாதம்" அல்லது "ஆண்டு" என்று இருக்கிறதா என்று பாருங்கள். இரண்டுக்கும் கணக்கு வேறு. விரல் விட்டு எண்ண வேண்டாம், விரிதாள்தான் நல்லது. A2-ல் கார்டில் உள்ள முடிவுத் தேதியைப் போட்டு, B2-ல் இவற்றில் ஒன்றை எழுதுங்கள்:

```
=A2+30
=EDATE(A2,12)
```

முதலாவது நாள் கணக்கு, இரண்டாவது 12 மாதக் கணக்கு. கார்டில் உள்ள தேதி முடியும் வரை லைசென்ஸ் செல்லும் என்றால், மறுநாள்தான் முதல் நாள். விதி முடிவுத் தேதியையே முதல் நாளாக எடுத்துக்கொண்டால் கடைசி நாள் ஒன்று முன்னால் வரும். வாசகம் தெளிவாக இல்லையென்றால் நான் முந்தைய நாளையே எடுத்துக்கொள்வேன்.

ஜனவரி 31, 2025-ஐ எடுத்துக்கொள்வோம். பிப்ரவரியின் 28 நாளும் போக மார்ச்சில் இரண்டு நாள், ஆக 30 நாள் மார்ச் 2-ல் முடிகிறது. அதுவே ஒரு மாதம் என்றால் EDATE பிப்ரவரி 28 என்று காட்டும், ஏனென்றால் பிப்ரவரியில் 31 கிடையாது.

சரி, மார்ச் 2 ஞாயிற்றுக்கிழமை. நேரில் போக வேண்டிய வேலை என்றால் அந்த நாளால் பயன் இல்லை. விடுமுறை வந்தால் அடுத்த வேலைநாள் செல்லும் என்று விதியில் தெளிவாக எழுதியிருந்தால் மட்டும் அதை நம்புங்கள், இல்லையென்றால் C2-ல்:

```
=WORKDAY(B2+1,-1)
```

இது பிப்ரவரி 28, வெள்ளி என்று தரும். சனி, ஞாயிறு இரண்டும் விடுமுறை என்று வைத்துக்கொள்ளும் கணக்கு இது. ஞாயிறு மட்டும் விடுமுறை என்றால் `=WORKDAY.INTL(B2+1,-1,11)`, அப்போது மார்ச் 1. இடையில் வரும் பண்டிகை விடுமுறைகள் இதில் சேராது, அவற்றை நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

பின்சேர்க்கை: தேதி வராமல் 45718 என்று வருகிறதே என்று ஒருவர் கேட்டிருந்தார். அது மார்ச் 2, 2025-தான், கட்டத்தின் வடிவத்தைத் தேதி என்று மாற்றினால் போதும். இன்னொருவருக்கு 05/03/2025 என்பதை விரிதாள் மே 3 என்று எடுத்துக்கொண்டு இரண்டு மாதம் தள்ளிக் காட்டியிருக்கிறது, இதைக் கண்டுபிடிப்பதுதான் கஷ்டம். நான் இப்போதெல்லாம் `=DATE(2025,3,5)` என்றுதான் போடுகிறேன்.

அப்புறம், புதுப்பிக்க அவகாசம் இருக்கிறது என்பதற்காக அந்த நாட்களில் வண்டி ஓட்டலாம் என்று ஆகாது. அதற்கு விதியில் தனியாக அனுமதி இருக்க வேண்டும். விண்ணப்பம் அனுப்பிய நாளா, கட்டணம் போய்ச் சேர்ந்த நாளா, எது கணக்கு என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள். கட்டணம் போய்ச் சேர்ந்த நாள்தான் கணக்கு என்றால், C2-ல் வந்த நாள் வரை காத்திருக்காமல் முன்பே கட்டிவிடுங்கள்.