46 பக்கத் தேவை ஆவணத்தை டெவலப்பர்களுக்கு ஒரே மெயிலில் சொல்வது எப்படி?

அம்பாசமுத்திரம் பக்கத்து அரிசி ஆலை ஒன்றுக்கு நெல் கொள்முதல், இருப்பு, பில் மூன்றுக்கும் மென்பொருள் செய்ய வேண்டியிருந்தது. ஆலைக்காரர்கள் கொடுத்த தேவை ஆவணம் 46 பக்கம். டெவலப்பர்கள் நால்வரில் மூவர் சென்னையில். 46 பக்கத்தையும் அவர்கள் படிப்பார்கள் என்று நம்பி வேலையைத் தொடங்க முடியாது. பாளையங்கோட்டையில் உட்கார்ந்து நான் எழுதிய மெயிலை வைத்தே படிப்படியாகச் சொல்கிறேன்.

படி 1: இரண்டு முறை படியுங்கள்

முதல் முறை எதையும் குறிக்காமல் படியுங்கள். இரண்டாம் முறை ஒவ்வொரு தேவைக்கும் பக்க எண்ணோடு ஓர் அடையாளம் போடுங்கள்: "செய்கிறோம்", "ஊகம்", "கேள்வி". "வழக்கம்போல", "தேவைப்பட்டால்", "முதலியன" என்ற சொற்கள் வரும் இடத்தில் நின்று படியுங்கள். எழுதியவருக்குத் தெரிந்த ஏதோ ஒன்று அங்கே எழுதப்படாமல் இருக்கும். பின்னிணைப்பையும் விடாதீர்கள். இந்த ஆவணத்தில் 41ஆம் பக்கத்தில் பழைய கொள்முதல் நோட்டின் படம் ஒன்று இருந்தது. உள்ளே எல்லாம் "குவிண்டால்" என்று எழுதியிருக்க, நோட்டில் மட்டும் "கோட்டை" என்ற பழைய நெல் அளவு இருந்தது.

படி 2: ஸ்கோப்

செய்வதை ஐந்தாறு வரியில் எழுதுங்கள். செய்யாததையும் அதன் அடியிலேயே எழுதுங்கள். ஆவணத்தில் "விவசாயிகளுக்குத் தகவல் போக வேண்டும்" என்று ஒரு வரி இருந்தது. அது எஸ்எம்எஸ்ஸா, தனிச் செயலியா என்று யாரும் சொல்லவில்லை. ஆலைக்காரரிடம் பேசி, "முதல் கட்டத்தில் எஸ்எம்எஸ் மட்டும், செயலி இல்லை" என்று எழுதினேன். செய்யாததை எழுதாமல் விட்டால் ஆளுக்கொரு விதமாக நினைத்துக்கொள்வார்கள்.

படி 3: ஊகமா, கேள்வியா?

புதிதாக எழுதுகிறவர்கள் தடுமாறுவது இங்கேதான். நான் வைத்திருக்கும் அளவுகோல் ஒன்றே: நாம் நினைத்தது தவறானால், திருத்த எவ்வளவு வேலை? கொஞ்ச வேலை என்றால் ஊகமாக எழுதிவிட்டு மேலே போகலாம். டேபிள் அமைப்பே மாறும் என்றால் அது கேள்வி, பதில் வரும்வரை அந்தப் பகுதியைத் தொடக்கூடாது.

ஆவணத்தில் 25 கிலோ பை, 26 கிலோ பை இரண்டும் இருந்தன. 2022 ஜூலையில் வந்த ஜிஎஸ்டி விதிப்படி, லேபிளோடு பொட்டலமிட்ட அரிசியில் 25 கிலோ வரை வரி உண்டு, அதற்கு மேல் இல்லை. ஆகவே ஒவ்வொரு பை அளவுக்கும் வரியைத் தனியாக மாற்றும் வசதி வைப்போம் என்று ஊகத்தில் எழுதினேன். ஆடிட்டர் வேறு சொன்னாலும் ஒரு எண்ணை மாற்றினால் போதும்.

கோட்டை அப்படியல்ல. அது முகத்தல் அளவு, எடை இல்லை. கணக்குப்பிள்ளையிடம் போனில் கேட்டேன்: "அண்ணாச்சி, ஒரு கோட்டைக்கு எத்தனை கிலோன்னு போடுவீங்க?"

"அது நெல்லப் பொறுத்துல்லா தம்பி. ரகம் மாறுனா எடையும் மாறும்."

அப்படியானால் நிலையான ஒரு பெருக்கல் எண்ணை வைத்து மாற்ற முடியாது, ரகவாரியாக ஒரு டேபிள் வேண்டும். இது கேள்விப் பட்டியலில் முதலில் போனது.

"பருவ வாரியாக இருப்பு அறிக்கை" என்ற வரியும் இப்படித்தான். ஒரு சென்னைத் தம்பி அதைக் காலாண்டு என்று படித்திருந்தார். தாமிரபரணிப் பாசனத்தில் பருவம் என்றால் கார், பிசானம் என்ற நெல் சாகுபடிப் பருவங்கள். பிசான அறுவடை பிப்ரவரி, மார்ச்சில் வரும், கொள்முதல் ஏப்ரலுக்கும் நீளலாம். அறிக்கை நிதியாண்டைத் தாண்டும்.

படி 4: மெயில்

ஒவ்வொரு கேள்விக்கும் யார் பதில் சொல்வார், எந்த நாளுக்குள், எந்த வேலை நிற்கிறது என்று எழுதுங்கள். "கோட்டை பற்றித் தெளிவுபடுத்தவும்" என்று எழுதினால் பதில் வராது. தேர்ந்தெடுக்கும்படி கேளுங்கள். நான் அனுப்பியதன் சுருக்கம்:

> பொருள்: அரிசி ஆலை: ஸ்கோப், ஊகங்கள், 2 கேள்விகள் (ஆவணம் பதிப்பு 3)
>
> கொள்முதல் திரை, பருவ அறிக்கை தவிர மற்றவற்றைத் திங்களன்றே தொடங்கலாம். கொள்முதல் கேள்வி 1-க்காகவும், பருவ அறிக்கை கேள்வி 2-க்காகவும் நிற்கின்றன.
>
> செய்வது: கொள்முதல் பதிவு (பக். 6–14), இருப்பு (15–22), பில் (23–31), எஸ்எம்எஸ் (33).
> செய்யாதது: விவசாயிகளுக்கான செயலி, பழைய நோட்டுகளை ஏற்றுவது.
>
> ஊகம்: வரி பை அளவுக்கேற்ப மாற்றத்தக்கது (பக். 27). தவறானால் அரை நாள் வேலை.
>
> கேள்வி 1 (பக். 9, 41): கோட்டையில் வரும் நெல்லை (அ) எடை போட்டுக் கிலோவில் பதிவதா, (ஆ) ரகவாரி அட்டவணைப்படி மாற்றுவதா? பதில்: ஆலைக் கணக்கர், வெள்ளிக்குள்.
> கேள்வி 2 (பக். 19): பிசானக் கொள்முதல் ஏப்ரலில் வந்தால் (அ) அதே பருவக் கணக்கிலா, (ஆ) புது நிதியாண்டிலா? பதில்: ஆலை உரிமையாளர், வெள்ளிக்குள்.

பதிப்பு எண்ணைப் பொருளிலேயே போடுங்கள். பதிப்பு 4 வந்தால் எந்த மெயில் பழையது என்று அப்போதே தெரியும்.

படி 5: அனுப்புமுன், அனுப்பிய பின்

ஒரு டெவலப்பரிடம் மட்டும் முதலில் காட்டி, "நாளைக்கு எதில் கை வைப்பீங்க?" என்று கேளுங்கள். பதில் சொல்ல அவர் ஆவணத்தைத் திறந்தால், ஸ்கோப் பகுதியைத் திருப்பி எழுத வேண்டும்.

பதில் வந்ததும் அதே மெயில் தொடரில், அந்தக் கேள்வியை எடுத்து ஸ்கோப்பின் கீழ் தேதியோடு சேருங்கள். வெள்ளியன்று கணக்குப்பிள்ளை "(அ), எடை போட்டுத்தான்" என்றார். கேள்வி 1 போய், ஸ்கோப்பில் "கொள்முதல் எல்லாம் கிலோவில், கோட்டை குறிப்பாக மட்டும்" என்ற வரி வந்தது.