சுவரில் சறுக்கும் ஏணி: படத்தில் 3 என்று எழுதிவிடாதீர்கள்

கணக்கு இதுதான். 5 மீட்டர் நீளமுள்ள ஏணி செங்குத்தான சுவரில் சாய்ந்து நிற்கிறது. அதன் அடியைப் பிடித்து, சுவரை விட்டு விலகும் திசையில் நொடிக்கு 0.5 மீட்டர் வேகத்தில் ஒரே சீராக இழுக்கிறார்கள். அடி சுவரிலிருந்து 3 மீட்டர் தள்ளி இருக்கும் கணத்தில், ஏணியின் உச்சி என்ன வேகத்தில் இறங்கிக்கொண்டிருக்கும்?

அடி 0.5 நகர்ந்தால் உச்சியும் 0.5 இறங்கத்தானே வேண்டும் என்று முதலில் தோன்றும். இல்லை. ஏன் இல்லை என்பதைப் படமே சொல்லும், ஆனால் படத்தைச் சரியாக வரைந்தால்தான் சொல்லும்.

முதலில் படம். நிமிர்ந்த கோடு சுவர், படுத்த கோடு தரை, இரண்டையும் தொட்டுக்கொண்டு சாய்வாக ஏணி. செங்கோண முக்கோணம் கிடைத்துவிட்டது. இப்போது பேனாவைக் கொஞ்சம் நிறுத்தி, இந்த மூன்று பக்கங்களில் எது நேரத்தோடு மாறுகிறது, எது மாறவில்லை என்று கேட்டுக்கொள்ளுங்கள். ஏணி நீளாது, சுருங்காது, அதனால் கர்ணத்தில் தைரியமாக 5 என்று எழுதலாம். தரையில் உள்ள பக்கமும் சுவரில் உள்ள பக்கமும் ஒவ்வொரு கணமும் மாறுகின்றன. அவற்றுக்கு எண் கிடையாது, எழுத்து மட்டும்தான். தரையில் சுவர் முதல் அடி வரை x, சுவரில் தரை முதல் உச்சி வரை y.

"3 மீட்டர் என்று கணக்கிலேயே கொடுத்திருக்கிறார்களே" என்று கை பரபரக்கும். அந்த 3 ஒரே ஒரு கணத்துக்கு மட்டும் உண்மை, அதைப் படத்தின் ஓரத்தில் தனியாகக் குறித்து வையுங்கள். கூடவே வேகத்தையும்: x கூடிக்கொண்டே போவதால் dx/dt = +0.5. கேட்பது dy/dt.

அடுத்து, x-ஐயும் y-ஐயும் இணைக்கும் சமன்பாடு. பிதாகரஸ் தேற்றம் போதும்:

```
x² + y² = 25
```

இது எல்லாக் கணங்களுக்கும் பொருந்துவதால்தான் இதை நேரத்தைப் பொறுத்து வகையிட முடிகிறது. x, y இரண்டுமே t-ஐச் சார்ந்தவை என்பதால் சங்கிலி விதிப்படி ஒவ்வொன்றின் பின்னாலும் அதன் மாறுவீதம் ஒட்டிக்கொண்டு வரும்:

```
2x·(dx/dt) + 2y·(dy/dt) = 0
dy/dt = −(x/y)·(dx/dt)
```

நான் முதன்முதலில் போட்டபோது இந்தப் படிக்கு முன்பே 3-ஐப் போட்டு 9 + y² = 25 என்று எழுதிவிட்டேன். அதை வகையிட்டால் 2y·(dy/dt) = 0, அதாவது உச்சி நகரவே இல்லை! விடை பூஜ்யம் என்று வந்தால் பெரும்பாலும் இதுதான் நடந்திருக்கும்: ஓடுகிற ஏணியை நிறுத்தி வைத்துவிட்டு அதன் வேகத்தைக் கேட்டிருக்கிறோம்.

சரி, வகையிட்டு முடித்தாயிற்று, இப்போது ஓரத்தில் வைத்த 3-ஐ எடுக்கலாம். x = 3 என்றால் y = √(25 − 9) = 4. அப்படியானால்

```
dy/dt = −(3/4)(0.5) = −0.375
```

உச்சி நொடிக்கு 0.375 மீட்டர் வேகத்தில் இறங்குகிறது. மைனஸ் குறி வந்தது தவறல்ல, y-ஐத் தரையிலிருந்து மேல்நோக்கி அளந்தோம், அது குறைகிறது. ஆனால் "எவ்வளவு வேகத்தில் இறங்கும்" என்று கேட்டால் விடையில் 0.375 என்றே எழுதுங்கள், "−0.375 வேகத்தில் இறங்குகிறது" என்றால் ஏறுகிறது என்று ஆகிவிடும்.

நம்பிக்கை வரவில்லையா? வகையீடே இல்லாமல் சரிபார்க்கலாம். 0.1 நொடி கழித்து அடி 3.05 மீட்டரில் இருக்கும், y = √(25 − 9.3025), ஏறக்குறைய 3.962. உச்சி சுமார் 0.038 மீட்டர் இறங்கியிருக்கிறது, 0.1-ஆல் வகுத்தால் 0.38. நம் விடைக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. 0.01 நொடி எடுத்துக்கொண்டால் 0.3755 வரும், இன்னும் நெருக்கம்.

அந்த x/y-ஐ இன்னொரு முறை பாருங்கள். அடியின் வேகம் மாறவே இல்லை, ஆனால் உச்சியின் வேகம் முக்கோணத்தின் வடிவத்தைப் பொறுத்து மாறுகிறது. ஏணி நிமிர்ந்து நிற்கும்போது x சிறியது, உச்சி மெதுவாக இறங்கும். x-உம் y-உம் சமமாகும் இடத்தில், அதாவது இரண்டும் சுமார் 3.54 ஆகும்போது மட்டும்தான் இரு முனைகளுக்கும் ஒரே வேகம். அதைத் தாண்டினால் உச்சி முந்திக்கொள்ளும்: x = 4.9 எனில் நொடிக்கு ஏறக்குறைய 2.5 மீட்டர், x = 4.999 எனில் சுமார் 25 மீட்டர், y பூஜ்யத்தை நெருங்க நெருங்க இது எல்லையே இல்லாமல் கூடும்.

நிஜ ஏணி இப்படிப் பாயாது என்பது உங்களுக்கே தெரியும். உச்சி எப்போதும் சுவரைத் தொட்டுக்கொண்டே இருக்கும் என்று வைத்துக்கொண்டுதான் x² + y² = 25 எழுதினோம். கடைசிக் கட்டத்தில் சூத்திரம் கேட்கும் வேகத்துக்கு ஈர்ப்பு விசையால் ஏணியை இழுக்க முடியாது, உச்சி சுவரை விட்டு விலகிவிடும். அந்தக் கணத்துக்குப் பிறகு நம் முக்கோணமே இல்லை, அதனால் சமன்பாடும் இல்லை. 3 மீட்டர் கணக்குக்கு அந்தக் கவலை வேண்டாம், அங்கே வேகம் அவ்வளவு கூடியிருக்காது.